இறுகிப்போன முட்டியோடு மறுபடி நடக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு: வாரத்துக்கு எவ்வளவு கூட்டலாம்?

எங்க அத்தானுக்கு 57 வயசு. செங்கோட்டையில் கடை, வருஷக்கணக்காகக் கல்லாவில் உட்கார்ந்தே பிழைப்பு. காலையில் எழுந்தால் முட்டி ரெண்டும் பத்து நிமிஷத்துக்கு மடங்காது. பண்பொழி திருமலைக் கோவிலுக்கு ரோடு இருந்தும், படியேறித்தான் போகணும்னு அவருக்கு ஆசை. அவருக்குப் போட்டுக்கொடுத்த திட்டத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாருக்கும் இதே நிமிஷக் கணக்கு பொருந்தாது, ஆனால் கணக்குப் போடும் முறை பொருந்தும்.

முதலில் ஒரு வடிகட்டல். மூட்டு சூடாக, சிவந்து வீங்கியிருந்தாலும், ரெண்டு கை விரல்களும் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகியிருந்தாலும், நடக்கும்போது நெஞ்சில் பாரம் வந்தாலும் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். எழுந்து அரை மணிக்குள் தளர்ந்துவிடும் இறுக்கம் என்றால் பெரும்பாலும் தேய்மானமும் அசைவில்லாமையும்தான். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கிற வழுவழுப்பான நீரிலிருந்துதான் அதற்குச் சத்து போகிறது, அந்த நீர் பரவ மூட்டு அசைய வேண்டும். அதனால்தான் நாலடி நடந்ததும் இறுக்கம் விடுகிறது.

படி 1: உங்கள் அடிப்படை அளவைக் கண்டுபிடியுங்கள்

சமதளமான பாதை வேண்டும். அத்தானுக்கு வீட்டுப் பக்கத்துக் குளத்தங்கரை. ஒரு நாள் 10 நிமிஷம், ரெண்டு நாள் விட்டு 15, இன்னும் ரெண்டு நாள் விட்டு 20. நடக்கும்போது எப்படி இருந்தது என்பது இங்கே முக்கியமில்லை. மறுநாள் காலையைத்தான் பார்க்கணும். 10க்கும் 15க்கும் மறுநாள் வித்தியாசமே இல்லை. 20 நடந்த மறுநாள் இறுக்கம் விட அரை மணி ஆனது. ஆக, அவர் தாங்குவது 15.

ஆனால் 15இல் ஆரம்பிக்கக் கூடாது. ஒரு தடவை தாங்கியது வாரத்துக்கு ஐந்து தடவை தாங்கும் என்று அர்த்தமில்லை. மூன்றில் ஒரு பங்கைக் கழித்து 10 நிமிஷம், வாரம் ஐந்து நாள் என்று வைத்தோம்.

"மாப்ளே, இது நடையா? பால் வாங்கப் போறதே இதுக்கு மேல வரும்" என்றார். பரவாயில்லை, போங்க அத்தான் என்றேன்.

படி 2: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது

வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். முட்டியைத் தாங்குவது தொடைத் தசைதான். நடை மட்டும் அதை வளர்க்காது. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், எழும்போது பின்னால் நழுவும். கனமான மரநாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். முட்டி வலித்தால் மேலே கெட்டியான போர்வை ஒன்றை மடித்து வைத்து உயரமாக்குங்கள். உட்காரும் இடம் உயர உயர முட்டிக்குச் சுமை குறையும். ஐந்து தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஐந்து. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்கணும், பாதிப் பலன் அதில்தான். எண்ணிக்கை எட்டானதும் போர்வையில் ஒரு மடிப்பைக் குறைத்து மறுபடி ஐந்திலிருந்து ஆரம்பியுங்கள்.

படி 3: வாராவாரம் கூட்டுவது

வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டு என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். 10 நிமிஷத்துக்கு அது ஒரே நிமிஷம், ஆரம்பத்தில் ரொம்ப மெதுவாகத்தான் நகரும். தவிர, நெதர்லாந்தில் புதிதாக ஓட ஆரம்பித்தவர்களை வைத்து 2008இல் வெளிவந்த ஆய்வில், பத்து சதவீதக் கணக்கில் கூட்டியவர்களுக்கும் அதைவிட வேகமாகக் கூட்டியவர்களுக்கும் காயம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆரம்பத்தில் சதவீதத்தைவிட நிமிஷக் கணக்கே நல்லது.

நாங்கள் வைத்தது ஒரு நடைக்கு 2 நிமிஷம். முதல் வாரம் 10, அடுத்தது 12, அதற்கடுத்தது 14. நாலாவது வாரம் கூட்டாமல் 14லேயே நிற்கணும். பிறகு 16, 18, 20, மறுபடி 20. இருபதைத் தாண்டியபின் 3 நிமிஷம் கூட்டலாம். 30 நிமிஷத்தைத் தொட ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஐந்து நாளும் அப்படி நடந்தால் வாரம் 150 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு அது.

கூட்டலாமா வேண்டாமா என்பதைக் காலையில் தீர்மானியுங்கள். வழக்கமான இறுக்கம்தான் என்றால் அடுத்த வாரம் கூட்டலாம். வழக்கத்தைவிடக் கூடுதல், ஆனால் ஒரே நாளில் பழையபடி ஆகிவிட்டது என்றால் அதே அளவில் இன்னொரு வாரம். ஒரு நாள் தாண்டியும் நின்றால், அல்லது வீங்கினால், அளவைப் பாதியாக்குங்கள். வீக்கம் தெரிய ஒரு வழி: காலை நீட்டி உட்கார்ந்தால் முட்டிச்சில்லுக்கு ரெண்டு பக்கமும் லேசான குழி தெரியும். இன்னொரு காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், குழி தூர்ந்திருந்தால் உள்ளே நீர் கோத்திருக்கிறது.

தொடைச் சதையில் பரவலாக வலித்து, அசைய அசையக் குறைந்து, ரெண்டு மூன்று நாளில் போய்விடும் வலியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது தசைவலி. மூட்டில் விரல் வைத்துக் காட்ட முடிகிற வலியைத்தான் பார்க்கணும்.

எல்லாரும் வழுக்கும் இடம்: மூன்றாம் வாரம்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ரெண்டு மூன்று வாரத்தில் மூச்சு வாங்குவது குறையும், தசைக்கும் தெம்பு வரும். ஆனால் தசைநார்கள் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். அதனால் உடம்பு "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கிற நேரமும் முட்டி தயாராகாத நேரமும் ஒன்றாகவே வரும். அத்தான் அப்படித்தான் மூன்றாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புளியரை ஏற்றத்தில் ஏறிவிட்டார், அதுவும் 25 நிமிஷம். ஏறும்போது சுகமாகத்தான் இருந்ததாம். இறங்கும்போது முட்டிச்சில்லுக்குக் கீழே குத்த ஆரம்பித்தது. மூன்று நாள் கழித்தும் மாடிப்படி இறங்கக் கைப்பிடி தேவைப்பட்டது.

நேரமும் கூடியது, ஏற்ற இறக்கமும் புதிதாகச் சேர்ந்தது. ஒரு வாரத்தில் ஒன்றைத்தான் மாற்றணும். இறக்கம் லேசு என்று நினைக்காதீர்கள். இறங்கும்போது உடல் எடையைப் பிரேக் போட்டுப் பிடிப்பது தொடைத் தசை, அந்தச் சுமை நேராக முட்டிச்சில்லில் ஏறும். அவரை 7 நிமிஷச் சமதள நடைக்கு இறக்கி, முட்டி அமைதியானதும் 10, 12 என்று திரும்ப ஏற்றினோம். 20 நிமிஷத்தில் நிலையானபிறகுதான் ஏற்றம். அதுவும் மொத்த நேரத்தைக் கூட்டாமல், 20க்குள்ளேயே 4 நிமிஷம் ஏற்ற இறக்கம், வாரம் ரெண்டே நாள். படியில் முட்டி பிடித்தால் ஏற நல்ல காலும் இறங்க வலிக்கிற காலும் முதலில் வரட்டும்.

கணக்கு எழுத ஸ்டெப்ஸ் எண்ணும் ஆப் எனக்குப் பிடிக்காது, அது மறுநாள் முட்டியைக் கேட்காது. மாதக் காலண்டரில் நிமிஷத்தையும், மறுநாள் இறுக்கம் விட எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் எழுதினால் போதும். தினசரிக் காலண்டர் வேண்டாம், யாராவது கிழித்துவிடுவார்கள்.

பின்சேர்க்கை: சாரல் காலத்தில் என்ன செய்வது என்று ரெண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். வராந்தாவிலேயே நடக்கலாம், ஆனால் ஒரே பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தால் ஒரு முட்டி மட்டும் வலிக்கும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சுற்றும் திசையை மாற்றுங்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் முந்தைய வாரத்து அளவில் தொடரலாம். மூன்று வாரம் விட்டிருந்தால் பாதி அளவு. அதற்கும் மேல் என்றால் படி 1லிருந்து மறுபடி சோதித்துப் பார்த்துத்தான் ஆரம்பிக்கணும்.