ஐபேன் எண்ணைத் துண்டு துண்டாகச் சரிபாருங்கள்

ஐபேன் என்பது சர்வதேச வங்கிக் கணக்கு எண். GB82WEST12345698765432 என்ற மாதிரி ஐபேன் எண்ணில் முதல் நான்கு குறிகளை (GB82) கடைசிக்கு நகர்த்தி, A=10 முதல் Z=35 வரை எழுத்துகளை எண்களாக மாற்றினால் 28 இலக்கங்கள் வரும்; அதை 97-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும்:

```
3214282912345698765432161182
```

இதை ஜாவாஸ்கிரிப்டின் `Number`-இல் போட்டால் 16 இலக்கங்களுக்குப் பிறகு துல்லியம் போய்விடும்; எந்தப் பிழையும் காட்டாமல் தவறான மீதி வரும். முதல் 9 இலக்கங்களை 97-ஆல் வகுத்து, மீதியின் பின்னால் அடுத்த 7 இலக்கங்களை ஒட்டி, மறுபடி வகுத்துக்கொண்டே போங்கள்:

```
321428291 % 97 = 70
702345698 % 97 = 29
297654321 % 97 = 24
2461182 % 97 = 1
```

முடிவு 1 என்றால் எண் சரி. எந்தக் கட்டத்திலும் 9 இலக்கங்களைத் தாண்டாததால் 32 பிட் முழு எண்ணே போதும்.

பலர் சறுக்குவது கடைசித் துண்டில்தான். அதில் 5 இலக்கங்களே மிச்சம். மீதியை வழக்கம்போல 10000000-ஆல் பெருக்கிக் கூட்டினால் கணக்கு கெடும். மீதியைச் சரமாகவே ஒட்டிவிடுங்கள்.

அந்த வங்கிக் கணக்கு உண்மையில் இருக்கிறதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. நாட்டுக்குரிய நீளத்தையும் தனியே பாருங்கள், பிரிட்டனுக்கு 22.