நடத்தைக் கொள்கையும் அறிதல் கொள்கையும்: ஒப்பீட்டுக் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கற்றல் பற்றிய நடத்தைக் கொள்கையையும் அறிதல் கொள்கையையும் வகுப்பறை எடுத்துக்காட்டுகளுடன் ஒப்பிடச் சொன்னால், பி.எட். மாணவர்களில் பலர் எழுதித் தருவது ஒப்பீடே அல்ல. முதல் பக்கத்தில் பாவ்லவின் நாயும் ஸ்கின்னரின் எலியும் வரும். அடுத்த பக்கத்தில் கோலரின் சிம்பன்சியும் பியாஜேயின் படிநிலைகளும் வரும். எழுதியது எல்லாம் சரிதான், ஆனால் இரண்டு பக்கங்களுக்கும் நடுவே தொடர்பு இருக்காது. ஆசிரியர் நட்சத்திரம் ஒட்டுவது நடத்தைக்கு உதாரணம், மாணவர் தானே யோசித்துக் கண்டுபிடிப்பது அறிதலுக்கு உதாரணம் என்று எடுத்துக்காட்டுகளும் தனித்தனியாகவே நிற்கும். வெவ்வேறு நிகழ்ச்சிகளை வைத்துக்கொண்டு எதை ஒப்பிடுவது? ஒரே நிகழ்ச்சியை எடுத்து, இரண்டு கொள்கைகளும் அதை எப்படி விளக்குகின்றன என்று காட்டுங்கள்.

ஒரு மாணவி 52 − 27 = 35 என்று எழுதுகிறாள். 63 − 28-க்கும் 45 என்கிறாள். 78 − 35-க்கு மட்டும் 43 என்று சரியாக எழுதுகிறாள். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கிறாள், அவ்வளவுதான்.

நடத்தைக் கொள்கையின்படி இது பயிற்சியின் விளைவு. கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகளை மட்டும் செய்துவந்த காலத்தில், இந்தச் செயலுக்கு ஒவ்வொரு முறையும் 'சரி' என்ற வலுவூட்டல் கிடைத்தது. இப்போது அது புதிய கணக்குகளுக்கும் பரவியிருக்கிறது. ஆகவே இரண்டு வகைக் கணக்குகளையும் கலந்து கொடுத்து, "இதில் கடன் வாங்கணுமா, வேண்டாமா?" என்று மட்டும் முதலில் கேட்க வேண்டும். விடையை உடனுக்குடன் திருத்தி, வேறுபடுத்திப் பார்க்கப் பழக்க வேண்டும்.

அறிதல் கொள்கை அவள் தலைக்குள் இருக்கும் விதியைத் தேடும். 52 என்பது ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் என்ற இடமதிப்பு அவளிடம் இல்லை. இரண்டு தனி இலக்கங்களைத்தான் பார்க்கிறாள். 1978-இல் பிரௌன், பர்ட்டன் என்ற ஆய்வாளர்கள் இத்தகைய கழித்தல் பிழைகளை ஆராய்ந்து, இவற்றில் பல கவனக்குறைவால் வருபவை அல்ல, மாணவர் ஒழுங்காகப் பின்பற்றும் தவறான விதியின் விளைவு என்று காட்டினார்கள். இங்கே ஆசிரியர் 27-உடன் 35-ஐக் கூட்டிப் பார்க்கச் சொல்வார். 62 வந்ததும் முரண்பாடு அவளுக்கே தெரியும். அப்புறம் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளில் ஒரு கட்டைப் பிரிக்க வைப்பார்.

இத்தோடு நிறுத்திவிடாமல், கற்றல் நடந்துவிட்டது என்று எதைப் பார்த்துச் சொல்வோம் என்றும் எழுதுங்கள். அடுத்த பத்துக் கணக்குகளும் சரியாக வந்தால் நடத்தைக் கொள்கையாளருக்குப் போதும். அறிதல் கொள்கையாளர் 502 − 267 கொடுத்து, நடுவில் இருக்கும் பூச்சியத்தை என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று கேட்பார். ஒப்பீட்டின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் பெரும்பாலான கட்டுரைகளில் இதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை என்று எழுதுவது அடிக்கடி வரும் இன்னொரு தவறு. "வகுப்பிலேயே கணக்கை முடித்தவர்களுக்கு வீட்டுப்பாடம் கிடையாது" என்றால் அது எதிர்மறை வலுவூட்டல். பிடிக்காத ஒன்று விலகுவதால் கணக்கை முடிக்கும் பழக்கம் கூடுகிறது. பெஞ்சு மேல் நிற்க வைப்பது, நடத்தையைக் குறைப்பதற்காகத் தரும் தண்டனை. நடத்தை கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டாலே குழப்பம் தீர்ந்துவிடும். ஆசிரியர் அதட்டியதும் வகுப்பு அமைதியாகிவிட்டால், அதட்டல் மாணவர்களுக்குத் தண்டனை. சத்தம் நின்றுபோனதால் ஆசிரியரின் அதட்டும் பழக்கத்துக்கு அது எதிர்மறை வலுவூட்டல். இந்த ஒரு நிகழ்ச்சியை எழுதினாலே இரண்டும் புரிந்திருப்பது தெரிந்துவிடும்.

"நடத்தைக் கொள்கையாளர்கள் சிந்தனையே இல்லை என்றார்கள்" என்ற வாக்கியத்தையும் விட்டுவிடுங்கள். எண்ணங்கள் உண்டு என்பதை ஸ்கின்னர் மறுக்கவில்லை. அவற்றை நடத்தைக்குக் காரணமாகக் காட்டுவதைத்தான் ஏற்கவில்லை. இரண்டு தரப்பும் உண்மையில் எங்கே பிரிகின்றன என்று காட்ட, டோல்மனும் ஹான்சிக்கும் 1930-இல் வெளியிட்ட சோதனை நன்றாக உதவும். சிக்கலான பாதையில் வழி தேடி ஓடவிட்ட எலிகளில், முதல் பத்து நாள் பாதையின் முடிவில் உணவே வைக்கப்படாதவை, பதினோராம் நாள் உணவு கிடைத்ததும், தொடக்கத்திலிருந்தே உணவு பெற்ற எலிகளை மிக விரைவில் எட்டிப்பிடித்தன. வெளியே தெரியாமலேயே கற்றல் நடந்திருக்கிறது. வகுப்பில் வாய் திறக்காத மாணவர் தேர்வில் நன்றாக எழுதுவதை இதோடு சேர்த்துச் சொல்லலாம்.

முடிவுரையில் "இரண்டுமே தேவை" என்று மட்டும் எழுதினால் அதில் விஷயம் இல்லை. எதற்கு எது என்று சொல்லுங்கள்: வாய்ப்பாடு தடையில்லாமல் வர உடனடித் திருத்தத்துடன் பயிற்சி, கடன் வாங்குவது ஏன் என்று விளங்க ஈர்க்குச்சிக் கட்டு.