2,500 டாலர் ரிபேட்டா, 1.9 சதவீத வட்டியா? கார் வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

சித்தி மகனும் அவன் மனைவியும் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டுக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. முதல்முறையாகப் புதுக் கார் வாங்கப் போகிறார்கள். ஒரு சனிக்கிழமை டீலர்ஷிப்பில் இருந்து நேராக என் வீட்டுக்கு வந்து, ஒரு தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார்கள்.

"அக்கா, 2,500 டாலர் ரிபேட் வாங்கிக்கலாம். இல்லன்னா 1.9 சதவீத வட்டிக்குக் கடன். ரெண்டையும் சேர்த்துத் தர மாட்டாங்களாம். ரிபேட்தான் லாபம்னு எனக்குத் தோணுது, மாசத் தவணையே குறையுது பாருங்க" என்றான்.

ரிபேட் என்றால் கார் வாங்குபவருக்குக் கார் நிறுவனம் தள்ளித் தரும் பணம். தாளில் இருந்தது இதுதான். முன்பணம், வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் போகக் கடனாக எடுக்க வேண்டிய தொகை 28,000 டாலர். ரிபேட்டைக் கழித்தால் 25,500. ரிபேட் எடுத்தால் மாதம் 445.85 டாலர். 1.9 சதவீதக் கடன் எடுத்தால் மாதம் 489.55 டாலர். நாற்பத்து நாலு டாலர் வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. அவன் மனைவி மட்டும் தாளின் கீழ்ப்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள். "இங்க 72 மாசம்னு போட்டிருக்கு. அது 60 மாசம்" என்றாள்.

இதுதான் பெரும்பாலானவர்கள் விழும் முதல் குழி. விற்பனையாளர் பேச்சை எப்போதும் மாதத் தவணைக்கே கொண்டுவருவார், "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்றுதான் ஆரம்பிப்பார். வருடத்தைக் கூட்டினால் எந்தத் தவணையும் குறையும். 445.85 டாலரை 72 மாதம் கட்டினால் மொத்தம் சுமார் 32,100 டாலர். 489.55 டாலரை 60 மாதம் கட்டினால் சுமார் 29,370. அவன் லாபம் என்று நினைத்த வழியில் 2,700 டாலருக்கு மேல் கூடுதலாகப் போகிறது. கையில் கொடுத்த ரிபேட்டைவிட அது அதிகம். அமெரிக்காவில் 1968-இல் வந்த கடன் வெளிப்படைச் சட்டத்தின்படி, கடன் பத்திரத்தில் மொத்தமாகக் கட்டப்போகும் தொகையைத் தனிக் கட்டத்தில் காட்டியே ஆக வேண்டும். பார்க்க வேண்டியது அந்தக் கட்டத்தைத்தான். ஆனால் பத்திரம் கைக்கு வருவது கடைசி நிமிடத்தில். அதனால் கணக்கை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போவது நல்லது.

சரி, இரண்டையும் 60 மாதத்துக்குக் கொண்டுவந்தோம். ரிபேட் கழித்த 25,500 டாலருக்குத் தாளில் இருந்த வட்டி 7.9 சதவீதம். தவணை 515.83 ஆகிறது, மொத்தம் 30,950. இப்போது 1.9 சதவீதக் கடன் கிட்டத்தட்ட 1,580 டாலர் மிச்சம். "அப்போ குறைஞ்ச வட்டிதான்" என்று அவன் உடனே கட்சி மாறினான்.

அங்கேயும் ஒரு தவறு இருக்கிறது, அவ்வளவு எளிதில் தெரியாது. அந்த 7.9 சதவீதம் அவர்களுடைய வட்டி அல்ல, டீலர் சொன்ன வட்டி. பெரும்பாலான டீலர்ஷிப்புகள் தாங்களே கடன் கொடுப்பதில்லை. பின்னால் இருக்கும் வங்கி ஒரு விகிதத்தைச் சொல்லும், டீலர் அதன்மேல் தன் பங்கை ஏற்றிச் சொல்லலாம். ஒன்று, இரண்டு சதவீதம் ஏறுவது சாதாரணம். சட்டப்படி அது குற்றமும் இல்லை. அதனால் கார் நிறுவனத்தின் மலிவு வட்டியை டீலரின் வட்டியோடு ஒப்பிட்டால் ரிபேட் பெரும்பாலும் தோற்றுத்தான் போகும். வெளியே நமக்கு என்ன வட்டிக்குக் கடன் கிடைக்கிறதோ, அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

திங்கட்கிழமை, கூட்டுறவு வங்கி போன்ற கிரெடிட் யூனியன்கள் இரண்டிலும் ஒரு வங்கியிலும் முன்கூட்டியே ஒப்புதல் கேட்கச் சொன்னேன். "நிறைய இடத்துல கேட்டா கிரெடிட் ஸ்கோர் குறைஞ்சிடுமே" என்று தயங்கினான். கார் கடனுக்காக இரண்டு வாரத்துக்குள் எத்தனை இடத்தில் கேட்டாலும் ஸ்கோர் கணக்கில் அது ஒரே விசாரணையாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். கேட்பதை நாலு மாதத்துக்கு இழுத்தால்தான் சிக்கல். புதன்கிழமைக்குள் பதில் வந்துவிட்டது: மிகக் குறைவாகக் கிடைத்தது ஒரு கிரெடிட் யூனியனின் 6 சதவீதம், 60 மாதம்.

அதை வைத்துப் போட்டால் தவணை 492.99, மொத்தம் சுமார் 29,580. 1.9 சதவீதக் கடனுக்கு மொத்தம் 29,370. ஐந்து வருடத்துக்கு 206 டாலர்தான் வித்தியாசம், மாதம் மூன்றரை டாலர். 1,580 டாலர் என்று நினைத்தது இவ்வளவுதான்.

எந்த வட்டியில் இரண்டும் சமமாகும் என்று தெரிந்துகொள்ள ஒரு குறுக்குவழி உண்டு. மலிவு வட்டிக் கடனின் தவணையை எடுத்துக்கொண்டு, அதே தவணையில் ரிபேட் கழித்த தொகையை அடைக்க என்ன வட்டி ஆகும் என்று கணினி விரிதாளில் கேளுங்கள்:

```
=RATE(60, -489.55, 25500)*12
```

இவர்கள் கணக்கில் விடை 5.7 சதவீதம். வெளியே அதற்குக் கீழே கடன் கிடைத்தால் ரிபேட் எடுக்கலாம், அதற்கு மேலே போனால் மலிவு வட்டி. கிரெடிட் யூனியன் 5 சதவீதம் கொடுத்திருந்தால் ரிபேட் வழியில் 500 டாலர் மிச்சமாகியிருக்கும். உங்கள் தொகை, உங்கள் மாதங்களைப் போட்டால் உங்கள் எண் வந்துவிடும்.

ரிபேட் பணம் கடன் அசலில் கழிந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காசோலையாக வாங்கி ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டு 28,000 டாலரையும் 6 சதவீதத்துக்குக் கடன் வாங்கினால் தவணை 541 டாலர் ஆகிவிடும். வரியைப் பொறுத்தவரை கலிஃபோர்னியாவில் நிறுவனத்தின் ரிபேட்டைக் கழிப்பதற்கு முந்தைய விலைக்குத்தான் விற்பனை வரி, ஆகவே எந்த வழியில் போனாலும் வரி மாறாது. சில மாநிலங்களில் ரிபேட் போன பிறகு வரி போடுவார்கள், அங்கே ரிபேட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை.

புதன் இரவு 5.7 என்ற எண்ணைப் பார்த்ததும் அவன் முகத்தில் நிம்மதி. "6 அதுக்கு மேல இருக்கு. அப்போ 1.9 தான், முடிஞ்சுது."

நான் ஒன்று கேட்டேன்: "அஞ்சு வருஷமும் இந்தக் காரை வச்சிருப்பீங்களா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் ஹெச்1பி விசாவில் இருக்கிறான். அவளுக்கு இரண்டு, மூன்று வருடத்தில் கோயம்புத்தூருக்கே திரும்பிவிட வேண்டும் என்று ஆசை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. இது கார் கடனோடு சம்பந்தமில்லாத விஷயம் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள்.

சம்பந்தம் நிறைய உண்டு. ரிபேட் முதல் நாளே முழுதாகக் கைக்கு வந்துவிடும். குறைந்த வட்டியின் லாபம் அப்படி வராது. மீதமிருக்கும் அசலுக்கு மாதாமாதம் போடும் வட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, கடன் முழுதும் ஓடி முடிந்தால்தான் முழுதாகக் கிடைக்கும். பாதியில் காரை விற்றாலும், கடனை முன்கூட்டி அடைத்தாலும், விபத்தில் கார் ஒன்றுக்கும் ஆகாமல் போய்க் காப்பீட்டு நிறுவனம் கடனைத் தீர்த்தாலும், மீதி லாபம் போனது போனதுதான். 60 மாதக் கடனை 60 மாதமும் கட்டுவோம் என்று பேசாமலே எடுத்துக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இணையத்தில் கிடைக்கும் ஒப்பீட்டுக் கருவிகளிலும் பலவற்றில் இந்தக் கேள்வியே வராது.

அந்த இரவே வருடவாரியாகப் போட்டுப் பார்த்தோம். இரண்டு வருடம் முடிவில் ரிபேட் வழியில் மீதிக் கடன் 16,205 டாலர், 1.9 சதவீத வழியில் 17,118. அதுவரை ரிபேட் வழியில் தவணையாகக் கட்டிய கூடுதல் 83 டாலரைக் கழித்தாலும் 830 டாலர் மிச்சம். மூன்று வருடத்தில் விற்றால் மிச்சம் 270 ஆகக் குறைகிறது. நாலு வருடம் ஓடிவிட்டால் தராசு மறுபக்கம் சாய்ந்து, 1.9 சதவீதக் கடன் எண்பது டாலர் அளவுக்கு முந்திக்கொள்கிறது. முழு ஐந்து வருடமும் இருந்தால்தான் அந்த 206 டாலர்.

அவள் தாளை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "இருந்துட்டா 200 டாலர் நஷ்டம். கிளம்பிட்டா 800 டாலர் லாபம். நாம கிளம்ப மாட்டோம்னு உங்களால இப்ப சொல்ல முடியுமா?" அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் ரிபேட் என்று முடிவானது அப்போதுதான்.

அதற்கு இன்னொரு பலமும் உண்டு. நடுவில் வெளியே வட்டி இறங்கினால் 6 சதவீதக் கடனை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். 1.9 சதவீதத்தை அப்படி மாற்றிப் பெரிதாக எதுவும் மிச்சம் பிடிக்க முடியாது. எதற்கும் முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று கடன் பத்திரத்தில் பார்த்துவிடுங்கள். இவர்கள் பத்திரத்தில் இல்லை. அப்புறம், விளம்பரத்தில் வரும் மலிவு வட்டி நல்ல கிரெடிட் ஸ்கோர் உள்ளவர்களுக்கு மட்டும்தான். இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடமே ஆனவர்கள் அதைக் கணக்கில் வைத்துக் கிளம்பி, அங்கே போனதும் வேறு வட்டியைக் கேட்டு, கார் ஆசையில் அப்படியே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ரிபேட்டிலும் வகை உண்டு. நிறுவனத்தின் சொந்தக் கடன் பிரிவில் கடன் எடுத்தால் மட்டுமே தரும் ரிபேட் ஒன்று இருக்கிறது. வெளியில் கடன் வாங்கினால் அது கிடைக்காது. எந்த வகை என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

சனிக்கிழமை போகும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினேன்: விலையைப் பேசி முடித்து எழுதி வாங்கிய பிறகுதான் ரிபேட்டைப் பற்றி வாயைத் திறக்க வேண்டும். ரிபேட் கார் நிறுவனம் தரும் பணம், டீலர் பையில் இருந்து போவதில்லை. முதலிலேயே அதைப் பேச்சில் கொண்டுவந்தால், "ஏற்கெனவே 2,500 குறைச்சிருக்கோமே" என்று தன் தள்ளுபடியைப் போல அதைக் காட்டி விலையில் இறங்க மறுப்பார்கள்.

விலையில் பிசகவில்லை. கையெழுத்துப் போட ஃபைனான்ஸ் அறைக்குக் கூப்பிட்டபோது மணி ஆறரை. அவள் கையில் கிரெடிட் யூனியன் காசோலை, 25,500 டாலருக்கு. நீட்டிய காகிதத்தில் மீதித் தொகை 27,400 என்று இருந்தது. "ஏன் 1,900 கூடுது?" என்று கேட்டாள். நீட்டிக்கப்பட்ட வாரண்டி, எல்லாரும் எடுத்துக்கொள்வதுதான் என்று பதில் வந்தது. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, அதை எடுத்துவிட்டு மறுபடி அச்சடிக்கச் சொன்னாள். புதுக் காகிதம் வர இருபது நிமிடம் ஆனது. இருவரும் பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.