பீம் பற்றிய ஐந்து வரிகள்: எஞ்சினியர் டிராயிங்கை வீட்டுக்காரர் படிப்பது எப்படி

வீடு கட்டும்போது ஸ்ட்ரக்சுரல் டிராயிங் கைக்கு வந்தது. அதைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டு, "மேஸ்திரிக்குத் தெரியும்" என்று இருந்தவன் நான். கான்கிரீட் போடுவதற்கு இரண்டு நாள் முன்பு, சும்மா டேப்பை வைத்து அளந்ததில் ஒரு தவறு கிடைத்தது. அதற்கப்புறம்தான் ஒவ்வொரு குறிப்பாக உட்கார்ந்து படித்தேன். முழு டிராயிங்கையும் இங்கே விளக்கப்போவதில்லை. ஒரே ஒரு பீமை எடுத்துக்கொள்வோம். ஒன்று புரிந்தால் மற்றவையும் அதே பாஷைதான்.

என் டிராயிங்கில் B4 பீமுக்கு இப்படி எழுதியிருந்தது:

```
B4   230 x 450   M25   Fe500D   COVER 25
BOTTOM    : 3-16Ø THRU
TOP       : 2-12Ø THRU
TOP EXTRA : 2-16Ø AT C2, 1200 FROM FACE E/S
STIRRUPS  : 8Ø-2L @ 100 c/c (ENDS 900), 150 c/c (MID)
```

இந்த பீம் C1, C2, C3 என்று மூன்று தூண்களின் மேல் போகிறது. தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி இருபுறமும் 4 மீட்டர். பீம் போகும் திசையில் தூணின் அகலம் 300 மி.மீ.

படி 1: அளவு

230 என்பது அகலம், 450 என்பது உயரம், இரண்டும் மில்லிமீட்டரில். பெரும்பாலான டிராயிங்குகளில் இந்த 450 ஸ்லாபின் கனத்தையும் சேர்த்துத்தான். ஸ்லாப் 125 என்றால், கீழே நின்று பார்க்கும்போது தெரியப்போவது 325 மட்டுமே. நான் 450-உம் கீழே தொங்கும் என்று நினைத்து, ஜன்னல் உயரத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு வாரம் வீணாகக் குழம்பினேன். சந்தேகமிருந்தால் அதே தாளில் இருக்கும் வெட்டுப்படத்தைப் பாருங்கள். 450-ஐக் காட்டும் அம்புக்குறி ஸ்லாபின் மேல்மட்டத்தில் தொடங்குகிறதா, அடிமட்டத்தில் தொடங்குகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

படி 2: M25, Fe500D

M25 என்றால், 150 மி.மீ. கனசதுரமாக வார்த்து 28 நாள் ஈரத்தில் வைத்த கான்கிரீட், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று பொருள். அது சிமென்ட், மணல், ஜல்லி விகிதம் அல்ல. "M25னா 1:1:2 தானே சார்" என்று தளத்தில் சொல்வார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான IS 456 விதிப்படி, விகிதத்தை மட்டும் வைத்துக் கலப்பது M20 வரைக்கும்தான். M25-க்கு உங்கள் மணலையும் ஜல்லியையும் வைத்துச் சோதித்துத் தயாரித்த மிக்ஸ் டிசைன் வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் நாம் கண்ணால் கவனிக்கக்கூடியது தண்ணீர் அளவு ஒன்றுதான். சிமென்டின் எடையில் 0.5 பங்கு தண்ணீர் என்று அதில் இருந்தால், 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர். ஈர மணலில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரும் இந்தக் கணக்கில் சேரும். கொட்டச் சுலபமாக இருக்கட்டும் என்று இன்னொரு வாளி ஊற்றினால், தாளில் இருக்கும் M25 தாளிலேயே நின்றுவிடும்.

Fe500D-யில் 500 என்பது கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் அழுத்தம். D என்றால் உடைவதற்கு முன் அதிகமாக நீண்டு கொடுக்கும் ரகம். இந்தப் பெயர் கம்பியின் மேலேயே அச்சாகியிருக்கும், லாரியிலிருந்து இறக்கும்போதே பார்த்துவிடுங்கள். "அதைவிட ஸ்ட்ராங்கானது" என்று Fe550-ஐ நீட்டினால், எஞ்சினியரைக் கேட்காமல் வாங்காதீர்கள். எண் கூடுவதாலேயே கம்பி மேலானதாகிவிடாது.

படி 3: கம்பி எண்ணிக்கை

3-16Ø என்றால் 16 மி.மீ. கம்பி மூன்று. THRU என்றால் பீம் முழு நீளத்துக்கும்.

இந்த இடத்தில் உங்களுக்கு உதவும் கணக்கு ஒன்று உண்டு. "16 ஸ்டாக் இல்லை, மூன்றுக்குப் பதில் நாலு 12 போட்டுடலாம், எண்ணிக்கை கூடத்தானே" என்பார்கள். விட்டத்தைத் தன்னாலேயே பெருக்கிப் பாருங்கள். 16 × 16 = 256, மூன்று கம்பிக்கு 768. 12 × 12 = 144, நாலு கம்பிக்கு 576. அதாவது முக்கால் பங்குதான். ஈடு செய்ய ஆறு கம்பி வேண்டும். 230 அகலத்தில் ஆறையும் ஒரே வரிசையில் வைத்தால், இடையில் 18 மி.மீ. இடைவெளிதான் மிஞ்சும். 20 மி.மீ. ஜல்லி அதில் இறங்காது. ஆகவே ஆறு என்று கணக்கு வந்தாலும் முடிவு எஞ்சினியருடையது.

விட்டத்தைச் சோதிக்க வெர்னியர் வேண்டாம் என்பது என் கட்சி. முறுக்குக் கம்பியின் வரிகள் அளவை ஏமாற்றும். ஒரு மீட்டர் துண்டை வெட்டித் தராசில் வைப்பதுதான் நேர்மையான வழி. விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 16 மி.மீ. என்றால் 1.58 கிலோ.

படி 4: TOP EXTRA, நான் சறுக்கிய இடம்

கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். இழுபடும் இடத்தில் கம்பி வைப்பதுதான் மொத்த சூட்சுமம். நீளமான மரச்சட்டத்தை மூன்று செங்கல்மேல் வைத்து, இரண்டு இடைவெளிகளிலும் கையால் அமுக்கிப் பாருங்கள். இடைவெளிகளில் சட்டம் கீழே தொய்யும், ஆகவே அங்கே இழுபடுவது அடிப்பக்கம். நடுச் செங்கல்மேல் அது கூன் போடும், அங்கே இழுபடுவது மேல்பக்கம். பீமும் அப்படியேதான். C2 தூணின் மேல், மேல்பக்கத்தில் கூடுதல் கம்பி கேட்பது இதனால்தான்.

சரி, எவ்வளவு நீளம்? 1200 FROM FACE E/S. FACE என்றால் தூணின் பக்கவாட்டு முகம். E/S என்றால் ஒவ்வொரு பக்கமும். அதாவது இடது முகத்திலிருந்து 1200, தூணுக்குள் 300, வலது முகத்திலிருந்து 1200. மொத்தம் 2700 மி.மீ.

எங்கள் கம்பிக்காரர் 1200 என்பதை மட்டும் படித்து, 1200 நீளத்துக்கே வெட்டிவிட்டார். தூணின் 300 போக, பக்கத்துக்கு 450 மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை சரி, விட்டம் சரி, மேல்பக்கத்தில், கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குக்குள்ளேதான் இருந்தது. டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு நானும் "இரண்டு 16, ஓகே" என்று டிக் போட்டேன். மறுநாள் வேறு எதற்கோ எடுத்த டேப்பைத் தூண் முகத்தில் வைத்தபோதுதான் 450 என்று காட்டியது.

எஞ்சினியருக்குப் போன் செய்தேன். துண்டு வைத்து நீட்ட வேண்டாம், முழு நீளக் கம்பியே போடுங்கள் என்றார். கட்டுக்கம்பிகளை அவிழ்த்து, புதுக் கம்பியை ரிங்குகளுக்குள் நுழைக்க அரை நாள் ஆனது. கான்கிரீட் போட்ட பிறகு தெரிந்திருந்தால்? விரிசல் தூணை ஒட்டி பீமின் மேல்பக்கத்தில் வரும். அங்கே மேலே தரையும் சுவரும் வந்துவிடுவதால், கீழே நின்று எவ்வளவு பார்த்தாலும் தெரியாது.

ஆகவே எண்ணுவதோடு விடாதீர்கள். தூண் முகத்தில் டேப்பை வைத்து, கம்பியின் நுனி வரை இரண்டு பக்கமும் அளந்து, அந்த எண்ணை டிராயிங்கின் ஓரத்திலேயே எழுதுங்கள். ஐந்து மீட்டர் இரும்பு டேப் போதும். போனில் அளக்கும் ஆப்களை இதற்கு நம்பமாட்டேன்.

அந்த இடத்தில் 12 இரண்டு, 16 இரண்டு என நாலு கம்பி நிற்பதால், இடைவெளி 36 மி.மீ. அளவுக்குக் குறுகிவிடும். கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் 40 மி.மீ. வைப்ரேட்டர் ஊசி அதற்குள் இறங்காது. மெல்லிய ஊசி ஒன்றை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

படி 5: ரிங்கும் கவரும்

STIRRUPS என்பது ரிங்தான். 8Ø-2L என்றால் 8 மி.மீ. ரிங், இரண்டு கால் கொண்டது. இரண்டு ரிங் என்று அர்த்தம் இல்லை. சாதாரணச் செவ்வக ரிங்குக்கு இருபுறமும் ஒவ்வொரு கால், அவ்வளவுதான். @ 100 c/c என்றால் ஒரு ரிங்கின் மையத்திலிருந்து அடுத்த ரிங்கின் மையத்துக்கு 100 மி.மீ. தூண் முகத்திலிருந்து 900 தூரம் வரை 100, நடுவில் 150. 4 மீட்டர் இடைவெளிக்குச் சுமார் 34 ரிங் வரும். முழுக்க 150 என்று கட்டிவிட்டால் 27, 28-தான் இருக்கும். எண்ணினாலே பிடிபட்டுவிடும்.

COVER 25 என்பது கான்கிரீட்டின் வெளிமுகத்திலிருந்து ரிங்கின் வெளிப்பக்கம் வரை. பெரிய கம்பி வரைக்கும் அல்ல. இதைச் சோதிக்கச் சென்ட்ரிங்குக்குள் குனிய வேண்டியதில்லை. தரையில் குவித்திருக்கும் ரிங் ஒன்றை எடுத்து வெளியளவு பாருங்கள். 230-இல் 50 கழித்தால் 180, 450-இல் 50 கழித்தால் 400. அது 200 × 420 என்றிருந்தால், எந்தக் கவர் பிளாக் வைத்தாலும் இரண்டு பக்கமும் 25 கிடைக்காது. ரிங்கின் கொக்கி நுனிகள் 135 டிகிரி உள்நோக்கி மடங்கியிருக்கிறதா என்றும் கையோடு பாருங்கள்.

பிற்சேர்க்கை 1: தூணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி பீமைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அங்கே முழு நீளத்துக்கும் இழுபடுவது மேல்பக்கம். பெரிய கம்பி மேலேதான் வர வேண்டும், அதுவும் வீட்டுக்குள் டிராயிங் சொல்லும் தூரம் வரை போக வேண்டும். பழக்கதோஷத்தில் பெரியதைக் கீழே போட்டுவிடுவார்கள், அதனால் முதலில் அதைப் பாருங்கள்.

பிற்சேர்க்கை 2: "LAP 50Ø" என்று ஒருவர் டிராயிங்கில் இருந்ததாம். கம்பி நீளம் போதாமல் இரண்டைச் சேர்த்துக் கட்டும்போது, ஒன்றன்மேல் ஒன்று வரவேண்டிய தூரம் அது. 16 மி.மீ. கம்பிக்கு 800 மி.மீ. இந்தச் சேர்ப்பு இழுவிசை அதிகமுள்ள இடத்தில் வரக்கூடாது. படி 4-இல் சொன்ன மரச்சட்டத்தை நினைத்துக்கொண்டால், கீழ்க்கம்பியை இடைவெளியின் நடுவிலும் மேல்கம்பியைத் தூணின் மேலும் சேர்க்கக்கூடாது என்பது விளங்கிவிடும். B4-இல் கீழ்க்கம்பி மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்திருந்தார்கள். அதையும் பிரித்துக் கட்டச் சொல்ல வேண்டியிருந்தது.