மண் பிளாக் சுவர்: சிமென்ட் சதவீதமும் கல் கணக்கும் எங்கே பிசகுகின்றன

6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரத்தில் ஒரு சுவர். நடுவில் 0.9 × 2.1 மீட்டர் கதவு ஒன்று, 1.2 × 1.2 மீட்டர் ஜன்னல் ஒன்று. கல் 290 × 140 × 90 மி.மீ. அளவில் கைப்பிரஸ்ஸில் அடித்த, சிமென்ட் கலந்த மண் பிளாக். சுவரின் கனம் 14 செ.மீ. இதற்கு எத்தனை கல், எத்தனை மூட்டை, எவ்வளவு கலவை என்று கேட்டால் மேஸ்திரிக்கு மேஸ்திரி பதில் மாறும். மண்ணை எப்படி அளப்பது, கல்லுக்கு இடையில் வரும் சாந்து மூட்டின் கனத்தை எப்படிப் பார்ப்பது என்ற இரண்டு இடத்தில்தான் அந்த வித்தியாசம் பெரும்பாலும் விழுகிறது.

மண்ணைப் பார்க்காமல் சிமென்ட்டைக் கூட்டுவது

சிமென்ட் பிடித்து நிறுத்துவது மணலை. களியை அது அவ்வளவாகக் கட்டுப்படுத்தாது. மணல் பாதிக்குமேல், களி 15 முதல் 20 சதவீதம் வரை உள்ள மண்தான் சிமென்ட்டுக்குத் தோது. புதுச்சேரி, விழுப்புரம் பக்கத்துச் செம்மண் பல இடங்களில் இதற்கு அருகில் வரும். ஆரோவில்லில் சராசரியாக 5 சதவீத சிமென்ட்டிலேயே பிளாக் அடிப்பது அதனால்தான் சாத்தியமாகிறது. கரிசலில் 10 சதவீதம் போட்டாலும் கல் காயும்போது சுருங்கி வெடிக்கும். அங்கே சுண்ணாம்பை யோசிக்க வேண்டும், அல்லது வேறு மண்ணைத் தேட வேண்டும்.

மேல்மண்ணை வழித்துப் போட்டுவிட்டு, வேரும் மட்கும் இல்லாத அடிமண்ணை எடுங்கள். ஒரு கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று படியும். களி தண்ணீரில் ஊதியிருக்கும் என்பதால் ஜாடியில் தெரிவதைவிட உண்மையில் சற்றுக் குறைவாகவே இருக்கும். களி 35 சதவீதம்போல் தெரிந்தால், மண்ணுக்குச் சம அளவு மணல் சேர்த்தால் பாதியாகிவிடும். சிமென்ட்டைக் கூட்டுவதைவிட இது மலிவு.

6 சதவீதம், ஆனால் எதில்?

அதிகம் நடக்கும் தவறு இதுதான். 6 சதவீதம் என்பது காய்ந்த மண்ணின் எடையில் 6 சதவீதம். பாண்டுக் கணக்கில் நூற்றுக்கு ஆறு என்று எடுத்தால் விடை வேறாகிவிடும். ஏனென்றால் ஒரு லிட்டர் சிமென்ட் ஏறக்குறைய 1.43 கிலோ (50 கிலோ மூட்டை சுமார் 35 லிட்டர்). தளர்வாகக் கிடக்கும் ஈரமண்ணில் ஒரு லிட்டருக்குள் இருக்கும் காய்ந்த மண்ணோ 1.1 கிலோவை ஒட்டித்தான். ஆகவே பாண்டுக்குப் பாண்டு 6 சதவீதம் என்பது எடையில் 7.8 சதவீதம்போல ஆகும். நாலு மூட்டை போக வேண்டிய இடத்தில் ஐந்து மூட்டைக்கு மேல் போய்விடும்.

சரியாக அளக்க ஒரு தராசும் ஒரு வாணலியும் போதும். குவியலின் உள்ளிருந்து 1 கிலோ மண்ணை எடுத்து, தூள்தூளாக உதிரும்வரை அடுப்பில் வறுத்து மறுபடி எடை போடுங்கள். 930 கிராம் வந்தால் 70 கிராம் தண்ணீர். காய்ந்த மண்ணின் எடையில் அது 7.5 சதவீதம். அடுத்து, வேலைக்கு வைத்திருக்கும் 15 லிட்டர் வாளியைத் தலைதட்டி நிரப்பி எடை பாருங்கள். 18 கிலோ இருந்தால் அதிலுள்ள காய்ந்த மண் 16.7 கிலோ. கால் மூட்டை, அதாவது 12.5 கிலோ சிமென்ட்டுக்கு 6 சதவீதக் கணக்கில் 208 கிலோ காய்ந்த மண் வேண்டும். வாளிக்கணக்கில் பன்னிரண்டரை.

இந்த எண்ணிக்கை நாளைக்கும் பொருந்தும் என்று நம்புவதுதான் அடுத்த பிசகு. ஈரமண் ஊதி நிற்கும், வெயிலில் காய்ந்தால் அமர்ந்துவிடும். இரண்டு நாள் காய்ந்து ஈரம் 2 சதவீதமான பிறகு அதே வாளி 19.5 கிலோ இருந்தால், அதே பன்னிரண்டரை வாளியில் 239 கிலோ காய்ந்த மண் போகிறது. சிமென்ட் 5.2 சதவீதமாக இறங்கிவிட்டது. பார்வைக்குக் கல்லில் எதுவும் தெரியாது. மழை அடித்த பக்கம் மட்டும் சில மாதத்தில் விளிம்பு அரித்து நிற்கும்போதுதான் தெரியும். தினமும் காலையில் வாளியை ஒரு தடவை எடை போடுவது பத்து நிமிட வேலை.

இன்னொன்று: அழுத்திய கல்லின் கனஅளவை வைத்து மண் வாங்காதீர்கள். நம் சுவருக்கான 530 கல்லின் கனஅளவு 1.94 கனமீட்டர். ஆனால் அதற்கு வேண்டிய காய்ந்த மண் 3.3 டன், தளர்வான நிலையில் அதுவே 3 கனமீட்டர். சல்லடையில் கழிவதையும் சேர்த்தால் மூன்றரை கனமீட்டர் இறக்குவது சரி. 2 கனமீட்டர் போதுமென்று இறக்கினால் பாதி வேலையில் வேறு குழியிலிருந்து வேறு மண் வரும், சதவீதக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

ஒரு மூட்டையை ஒரே தடவையில் கொட்டுவது

முழு மூட்டையைக் கலந்தால் சுமார் 134 கல் வரும். தண்ணீர் பட்ட நிமிடத்திலிருந்து சிமென்ட் இறுக ஆரம்பிக்கும். கைப்பிரஸ்ஸில் அத்தனை கல்லையும் அடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். கடைசியில் வரும் கல், ஏற்கெனவே பாதி பிடித்துப்போன கலவையை உடைத்து அழுத்திய கல். அதனால்தான் கால் மூட்டைக் கணக்கு: 33 கல், அரைமணியில் முடிந்துவிடும். முதலில் தண்ணீர் இல்லாமல் நிறம் ஒன்றாகும்வரை புரட்டுங்கள், பிறகு தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் புரட்டுங்கள்.

தண்ணீர் அளவுக்குக் கையில் ஒரு உருண்டை பிடித்து, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. பொடியாகச் சிதறினால் தண்ணீர் பற்றவில்லை. அந்தக் கல்லுக்கு மூலை நிற்காது. அப்பமாகத் தட்டையானால் அதிகம். அச்சிலேயே ஒட்டும், காயும்போது சுருங்கும்.

சிமென்ட் சரியாக இருந்தும் கல் சோடையாவதற்கு அச்சு நிரம்பாமல் போவதே பெரும்பாலும் காரணம். வேகமாக அடிக்கிறவர்கள் மூலையை விரலால் அழுத்தி நிரப்புவதில்லை. இதைக் கண்ணால் பிடிக்க முடியாது, தராசு பிடித்துக் கொடுக்கும். இந்த அளவுக் கல் பிரஸ்ஸிலிருந்து வந்தவுடன் ஏறக்குறைய 7.2 கிலோ இருக்க வேண்டும். 6.7 கிலோதான் இருக்கிறது என்றால் அழுத்தம் போதவில்லை. இன்னொரு சதவீத சிமென்ட் போட்டு அதை ஈடுகட்டப் பார்ப்பது வீண் செலவு. அந்தக் கல்லை அப்போதே உடைத்து, அதே கலவையில் சேர்த்து மறுபடி அடித்துவிடலாம்.

அடித்த கல்லை முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் தாளால் மூடி வையுங்கள். பிறகு 28 நாள் வரை அடுக்கு காயாமல் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரத்தில் நிறம் வெளுத்துக் கெட்டியாகத் தெரிவதால் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கடைசியில் ஒரு கல்லை நன்றாகக் காயவைத்து எடை பார்த்து, 24 மணி நேரம் ஊறவைத்து மறுபடி எடை பாருங்கள். எடை 15 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ, விரல் நகத்துக்கு மண் பெயர்ந்தாலோ அந்த நாள் அடித்த கல்லைத் தனியே ஒதுக்குங்கள்.

சாந்து மூட்டின் கனம் சேராத கல் கணக்கு

மொத்தச் சுவர்ப் பரப்பு 18 சதுர மீட்டர். கதவும் ஜன்னலும் போக 14.67. இதைக் கல்லின் முகப்பரப்பால் நேரே வகுத்தால் 562 வரும். அது தவறு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் 10 மி.மீ. சாந்து உண்டு, ஆக ஒரு கல் பிடிக்கும் இடம் 300 × 100 மி.மீ. சதுர மீட்டருக்கு 33.3 கல், மொத்தம் 489. உடைசலுக்கு 5 சதவீதமும் சோதனைக்குப் பத்துப் பதினைந்தும் சேர்த்து 530 அடித்தால் போதும். மூட்டைக்கு 134 என்ற கணக்கில் சரியாக 4 மூட்டை.

இந்த 530-க்குள் அரைக்கல்லை மறந்துவிடுவார்கள். கதவு ஓரத்திலும் ஜன்னல் ஓரத்திலும் ஒன்றுவிட்டு ஒரு வரியில் அரைக்கல் வரும். இந்தச் சுவரில் கதவுக்கு 21, ஜன்னலுக்கு 12, ஆக 33. முழுக்கல்லை வெட்டினால் இரண்டு பாதியும் உருப்படியாக வருவது அரிது. பிரஸ்ஸில் தடுப்பு வைத்து அரைக்கல்லாகவே 40 அடித்துவிடுங்கள். கதவு ஜன்னல் அகலத்தையும் 30 செ.மீ. மடங்கில் வைத்தால் கால்துண்டு சொருகும் வேலை வராது.

கல்லைவிடக் கெட்டியான கலவை

மண் பிளாக்கை 1:4 சிமென்ட் சாந்தில் கட்டுவது, நல்லது செய்வதாக நினைத்துச் செய்யும் கெடுதல். சுவர் லேசாக அசைந்தால் விரிசல் மூட்டோடு நிற்காது, கல்லைப் பிளந்துகொண்டு ஓடும். ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு சலித்த மண், ஆறு பங்கு மணல் போதும். மண் சேர்ந்திருப்பதால் கரண்டியில் வழுவழுப்பாக வரும், கல்லோடு நன்றாகப் பிடிக்கும். கலவைக்கான மண்ணை 4 அல்லது 5 மி.மீ. சல்லடையில் சலியுங்கள்.

அளவு இப்படி வரும். ஒரு சதுர மீட்டர் சுவரின் கனஅளவு 0.14 கனமீட்டர்; அதில் கல் 0.122, மீதி 0.018 சாந்து. 14.67 சதுர மீட்டருக்கு 0.267 கனமீட்டர். சிந்துவதற்கு 20 சதவீதம் கூட்டினால் 0.32. குழைத்தால் குறையும் என்பதால் உலர்ந்த பொருளாக 1.3 மடங்கு, அதாவது 0.416 கனமீட்டர். அதை ஒன்பது பங்காக்கினால் சிமென்ட் 46 லிட்டர், ஒன்றேகால் மூட்டைக்குச் சற்று மேல். மண் 92 லிட்டர், மணல் 277 லிட்டர்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது மூட்டின் கனம். கல்லின் உயரம் 86, 92 என்று ஏறி இறங்கினால் கொத்தனார் மட்டம் பிடிக்கச் சாந்தைத் தடிமனாக வைத்தே ஆக வேண்டும். மூட்டு 18 மி.மீ. ஆனால் கலவை 1.65 மடங்காகும், சிமென்ட்டும் இரண்டு மூட்டையைத் தாண்டும். கலவை சீக்கிரம் தீர்வதைப் பார்த்துக் கொத்தனாரைக் குறைசொல்வதற்கு முன் பத்துக் கல்லை அடுக்கி உயரத்தை அளந்து பாருங்கள்: 900 மி.மீ. வர வேண்டும். வராவிட்டால் பிழை அச்சு நிரப்பிய இடத்தில் இருக்கிறது.

கட்டும்போது காய்ந்த கல்லை அப்படியே வைக்கக் கூடாது. அது கலவையிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், மூட்டிலுள்ள சாந்தைச் சுரண்டினால் மறுநாள் பொடியாக உதிரும். தொட்டியில் ஒரு முக்கு முக்கி உடனே எடுத்து வைத்தால் போதும், ஊறப்போட வேண்டாம். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் ஏற்றாதீர்கள்; அடி வரிகளின் சாந்து பச்சையாக இருக்கும்போது மேலே பாரம் ஏறினால் சுவர் தூக்கு விட்டு நகரும்.