பன்னிரண்டு பிட்டுக்குள் 77 கட்டளைகள்: விரியும் ஆப்கோடை வடிவமைக்கும் முறை

பெங்களூரில் என்னோடு அறையில் இருக்கும் தம்பி கேட் தேர்வுக்குப் படிக்கிறான். "அண்ணா, சூத்திரம் தெரியுது, விடையும் வருது. ஆனா எந்த பிட்ல என்ன எழுதணும்னு கேட்டா தெரியல" என்றான். அவனுக்குக் கட்டம் போட்ட நோட்டில் போட்டுக் காட்டியதுதான் இந்தப் பதிவு. பைனரி எண்கள் தெரியும், ரெஜிஸ்டர் என்றால் என்னவென்று தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

நம் கணக்கு இது. ஒவ்வொரு கட்டளையும் சரியாக 12 பிட். அதில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பகுதி ஆப்கோடு, எந்த ரெஜிஸ்டரை வைத்துச் செய்ய வேண்டும் என்று சொல்லும் பகுதி ஆபரண்டு. ரெஜிஸ்டர்கள் 8, ஆகவே ஒரு ஆபரண்டுக்கு 3 பிட். வேண்டியவை: மூன்று ஆபரண்டு உள்ளவை 5, இரண்டு உள்ளவை 20, ஒன்று உள்ளவை 28, ஆபரண்டே இல்லாதவை 24. மொத்தம் 77.

எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் ஆப்கோடு வைத்தால் 77-க்கு 7 பிட் போய்விடும். மீதி 5 பிட்டில் மூன்று ஆபரண்டுக்கு இடமே இல்லை. அதனால், ஆபரண்டு குறையக் குறைய அந்த இடத்தை ஆப்கோடு எடுத்துக்கொள்ளும்படி செய்கிறோம்.

படி 1: இடம் போதுமா?

12 பிட்டில் மொத்தம் 4096 வடிவங்கள். மூன்று ஆபரண்டு உள்ள ஒரு கட்டளை 9 பிட்டை ஆபரண்டுக்கு விடுகிறது, அதாவது 512 வடிவங்களைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. இரண்டு உள்ளது 64, ஒன்று உள்ளது 8, இல்லாதது 1.

```
5 × 512 = 2560
20 × 64 = 1280
28 × 8  =  224
24 × 1  =   24
மொத்தம்   4088
```

4096-க்குள் அடங்குகிறது. தேர்வுக்கு இது போதும். கட்டளைத் தொகுப்பை உண்மையாகவே எழுத வேண்டுமென்றால் வேலை இனிமேல்தான்.

படி 2: பெரியதிலிருந்து வெட்டுங்கள்

முதல் 3 பிட்டில் 8 ஆப்கோடுகள் கிடைக்கும். 000 முதல் 100 வரை ஐந்தை மூன்று ஆபரண்டுக் கட்டளைகளுக்குக் கொடுங்கள். 101, 110, 111 மீதம். இந்த மூன்றும் அடுத்த 3 பிட்டையும் சேர்த்துக்கொண்டால் 3 × 8 = 24 ஆறு‑பிட் ஆப்கோடுகள். இருபதை எடுத்துக்கொண்டால் மீதம் 4. அவை விரிந்தால் 32 ஒன்பது‑பிட் ஆப்கோடுகள். அதில் 28 போனால் மறுபடியும் 4. அவையும் விரிந்தால் 32. அதில் 24 போக, 8 சும்மா இருக்கும்.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். "விரிவுக்கு ஒரு ஆப்கோடை ஒதுக்கு" என்று படித்துவிட்டு 111-ஐ மட்டும் ஒதுக்குவார்கள். அப்படியானால் இரண்டு ஆபரண்டுக்கு 8 இடம்தான், 20 எப்படி அடங்கும்? ஒதுக்க வேண்டியது ஒன்றல்ல, மீதமிருக்கும் எல்லாமும். ஒவ்வொரு படியிலும் மீதத்தை எட்டால் பெருக்குங்கள், வேண்டியதைக் கழியுங்கள், அப்புறம் அடுத்த படி.

பெங்களூரில் 40×60 மனையை இரண்டு 30×40 மனைகளாகப் பிரிக்கலாம், 30×40-ஐ இரண்டு 20×30 ஆக்கலாம். வீடு எழும்பிவிட்ட மனையைப் பிரிக்க முடியாது. இங்கேயும் கட்டளைக்குக் கொடுத்துவிட்ட ஆப்கோடை மறுபடி விரிக்கக் கூடாது. விரித்தால் ஒரே வடிவத்துக்கு இரண்டு அர்த்தம் வந்துவிடும்.

படி 3: ஆக்டலில் எழுதுங்கள்

இந்தக் கணக்குக்கு ஹெக்ஸ் வேண்டாம். ஹெக்ஸில் ஓர் இலக்கம் 4 பிட், நம் புலங்களோ 3 பிட். எல்லைகள் இலக்கத்தின் நடுவில் விழுந்து கண்ணைக் குழப்பும். ஆக்டலில் ஓர் இலக்கம் ஒரு புலம், பார்த்தவுடனே தெரியும்:

```
0000 – 4777   மூன்று ஆபரண்டு
5000 – 7377   இரண்டு
7400 – 7737   ஒன்று
7740 – 7767   இல்லை
7770 – 7777   காலி
```

6213 என்ற கட்டளையைப் பாருங்கள். 5000-க்கும் 7377-க்கும் நடுவில் இருப்பதால் இரண்டு ஆபரண்டு. ஆப்கோடு 62, ரெஜிஸ்டர்கள் 1, 3. அதுபோல 7523-இல் ஆப்கோடு 752, ரெஜிஸ்டர் 3. 1965-இல் வந்த பிடிபி‑8-உம் 12 பிட் இயந்திரம்தான். அதிலும் முதல் 3 பிட் ஆப்கோடு. அது 7 என்றால் நினைவக முகவரி கிடையாது, மீதி பிட்டுகள் எல்லாம் என்ன செய்ய வேண்டும் என்பதையே சொல்லும். அதில் 7402 என்றால் நில்.

படி 4: டிகோடரைச் சோதியுங்கள்

ஒரு கட்டளையைப் பார்த்து அது எந்த வகை என்று சொல்வதுதான் டிகோடரின் வேலை. பைத்தானில் நான்கு ஒப்பீடு போதும்:

```python
def vagai(w):
    if w < 0o5000: return 3
    if w < 0o7400: return 2
    if w < 0o7740: return 1
    if w < 0o7770: return 0
    return -1
```

0 முதல் 4095 வரை எல்லா எண்களையும் இதற்குக் கொடுத்து, ஒவ்வொரு விடையும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். 2560, 1280, 224, 24, 8 என்று வர வேண்டும். எல்லையில் ஓர் இலக்கம் தப்பியிருந்தாலும் இங்கே மாட்டிக்கொள்ளும்.

காலியான எட்டையும் "செல்லாத கட்டளை" என்றே வைத்திருங்கள். அழித்த ஃபிளாஷ் நினைவகத்தைப் படித்தால் எல்லா பிட்டும் 1 என்றுதான் வரும். நிரல் வழிதவறி அங்கே போனால் 7777-ஐப் பார்த்து உடனே நிற்கும். ரிஸ்க்‑ஃபைவ் வடிவமைப்பிலும் எல்லாம் 1 ஆக இருக்கும் சொல் செல்லாத கட்டளைதான்.

பின்சேர்க்கை 1

"கூட்டுத்தொகை அடங்கினால் எந்த வரிசையில் வைத்தாலும் அடங்குமே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அடங்காது. மூன்று ஆபரண்டுக் கட்டளைகள் முடிந்ததும் 2560-இல் ஆபரண்டு இல்லாத 24-ஐ வைத்துப் பாருங்கள். 2584 வரை போகும். அடுத்து வரும் இரண்டு ஆபரண்டுக் கட்டளை 64-இன் மடங்கில்தான் தொடங்க முடியும். இல்லாவிட்டால் கடைசி 6 பிட் முழுவதும் ஆபரண்டாக இருக்காது. எனவே 2624-இல் தொடங்கி 3904-இல் முடியும். அங்கிருந்து ஒற்றை ஆபரண்டுக்கு 224 கூட்டினால் 4128. 32 வடிவம் வெளியே போய்விட்டது! நடுவில் விட்ட 40 இடத்தில் ஐந்து ஒற்றை ஆபரண்டுக் கட்டளைகளைத் திணித்துச் சமாளிக்கலாம், ஆனால் மேலே எழுதிய நான்கு ஒப்பீட்டு டிகோடர் போதாது. பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

பின்சேர்க்கை 2

ஆபரண்டுகளின் அளவு வெவ்வேறாக இருந்தால்? அப்போது ஆபரண்டுகளின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், அவை எடுக்கும் மொத்த பிட்டைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். 2020 கேட் தேர்வில் 16 பிட் கட்டளை, 64 ரெஜிஸ்டர் என்று ஒரு கேள்வி வந்தது. ஒரு வகையில் இரண்டு ரெஜிஸ்டர், 12 பிட். இன்னொன்றில் ஒரு ரெஜிஸ்டரும் 4 பிட் உடனடி எண்ணும், 10 பிட். இரண்டிலும் ஆபரண்டு இரண்டுதான், ஆனால் பெரியது முதல் வகை. அதற்கு 4 பிட் ஆப்கோடு, 16 இடம். இரண்டாம் வகை 8 வேண்டும், முதல் வகை அதிகபட்சம் எத்தனை என்பதுதான் கேள்வி. ஓர் இடத்தை விரித்தால் 2 பிட் கூடி நான்கு கிடைக்கும், ஆகவே இரண்டு இடம் போதும். முதல் வகைக்கு மீதம் 14, அதுதான் விடை. அந்த 8 என்பது 9 ஆகியிருந்தால் மூன்று இடம் விரிய வேண்டும், முதல் வகைக்கு 13 தான் மிஞ்சும். அந்த மூன்றாவது இடத்தில் மூன்று ஆப்கோடுகள் காலியாகக் கிடக்கும். அவற்றை 10 பிட்டோ அதற்கும் குறைவோ ஆபரண்டு உள்ள கட்டளைகளுக்குத்தான் கொடுக்க முடியும்.