பேசின் பூட்டும்போது வேஸ்ட் கசியாமல் இருக்க

கல்லடியில் எங்கட வீட்டில் இரண்டு பேசின் பூட்டினேன். குளியலறையில் சுவரில் தொங்குவது ஒன்று, விறாந்தையில் கால் வைத்தது ஒன்று.

பேசின் விளிம்பு தரையிலிருந்து 80 முதல் 85 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கட்டும். ஒருவர் பிடிக்க, ரசமட்டம் வைத்துப் பார்த்து துளைகளைப் பென்சிலால் குறியுங்கள். கால் உள்ளதென்றால் பேசினைக் காலில் ஏற்றி, சுவரோடு ஒட்டவைத்துக் குறிக்க வேண்டும். பாரத்தைக் கால் தாங்கும். முன்னால் கவிழாமல் பிடிப்பது சுவர் ஆணிதான். பிரக்கட்டோடு வருவதென்றால் பிரக்கட்டை முதலில் இறுக்கி, அதன்மேல் பேசினை வையுங்கள்.

டைல்ஸைத் துளைத்து முடியும்வரை ட்ரில்லில் ஹமர் வேண்டாம். 10 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு நான் 14 மில்லிமீற்றர் ரோல் பிளக் போட்டேன். பிளக்கின் வாய் டைல்ஸைத் தாண்டி உள்ளே போகவேண்டும். இல்லையேல் இறுக்கும்போது அது விரிந்து டைல்ஸை வெடிக்க வைக்கும். நட்டுக்கும் பேசினுக்கும் இடையில் பிளாஸ்ரிக் வாசர் கட்டாயம். பேசின் ஆடாமல் நின்றதும் இறுக்குவதை நிறுத்துங்கள்.

என்னை அலைக்கழித்தது பேசினின் அடித்துளையில் பூட்டும் வேஸ்ட். ரப்பர் வாசர் போட்டு, திரெட் டேப் சுற்றி, முழுப் பலத்தோடு இறுக்கியும் நட்டடியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. கழற்றிப் பார்த்தபிறகுதான் விளங்கியது. நிரம்பி வழியும் தண்ணீர் உள்ளே வர வேஸ்டின் பக்கத்தில் ஒரு வெட்டு இருக்கிறது. அங்கே தேங்கும் தண்ணீர் மரையின் பள்ளம் வழியே வாசரையும் தாண்டி இறங்குகிறது. வாசர் பேசினைத்தான் அடைக்கும், மரையை அடைக்காது.

எல்லாவற்றையும் துடைத்துக் காயவையுங்கள். வேஸ்டின் மேல் விளிம்புக்கு அடியில் ஒரு வளையம் சிலிக்கன். கீழே, வாசர் வந்து உட்காரும் இடத்து மரையில் இன்னொரு வளையம், பள்ளம் நிறையும்படி. வெட்டின் வாயை மட்டும் மூடிவிடாதீர்கள். பிறகு கீழிருந்து ரப்பர் வாசர், அதற்கு அடியில் பிளாஸ்ரிக் வாசர், நட். மேலே வேஸ்ட் சுழலாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். எனக்குக் கசிவடைக்கும் பிளம்பர் புட்டியைவிடச் சிலிக்கன்தான் நம்பிக்கை. வேஸ்டுக்குக் கீழே பூட்டும் ட்ராப்பின் நட்டுக்குள் வாசர் இருப்பதால் அங்கே டேப் தேவையில்லை.

ஒரு நாள் காய்ந்தபின் அடைப்பைப் போட்டு, வழிதுளையில் தண்ணீர் போகும்வரை நிரப்புங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகு நட்டைச் சுற்றி உலர்ந்த ரிசூவை ஒற்றுங்கள். சின்ன ஈரமும் அதில் தெரியும்.

பின்சேர்ப்பு: பிளக் சும்மா சுற்றுகிறது என்று அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். துளைக்கையில் ட்ரில் பிட் திடீரென்று உள்ளே விழுந்ததாம். அப்படியென்றால் அது பொந்துக் கல். பெரிய பிளக் போட்டாலும் நிற்காது. அந்த இடத்தை உடைத்து, பொந்துக்குள் ஒன்றுக்கு மூன்று சீமெந்துக் கலவையை இறுக்கி அடைத்து, ஒரு கிழமை நனைத்து வைத்த பிறகு திரும்பத் துளைக்கச் சொன்னேன்.